பிளாச்சிமடா கசடும் முரண்பட்ட அறிக்கைகளும்: வல்லுநர் சொல்லை எப்போது நம்பலாம்?

சித்தூர் டீச்சர்

பிளஸ் ஒன் தமிழ் மாணவர்களின் வாதப் பயிற்சிக்காக, நம் பெருமாட்டி பஞ்சாயத்தில் நடந்த பிளாச்சிமடா விவகாரத்தை எடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய கொக்கக்கோலா ஆலை, தன் சுத்திகரிப்பில் மிஞ்சிய கசடை உரம் என்று சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்து வந்தது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலியின் நிகழ்ச்சி ஒன்று, அந்தக் கசடை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் அபாயமான அளவில் இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதம் கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியம் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் இருப்பதாகவும், வரம்பு 50தான் என்றும் கூறியது. ஆனால் சில வாரங்களுக்குள் அதே வாரியம், விரிவான பரிசோதனையில் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது. ஆலை நிர்வாகமோ கசடால் கேடில்லை என்றே தொடக்கம் முதல் சொல்லி வந்தது.

மாணவர்களில் ஓர் அணி, எக்ஸிடரில் பரிசோதித்த ஆய்வகம் கிரீன்பீஸ் அமைப்பினுடையது, ஆலைகளை எதிர்ப்பதே அவர்கள் வேலை, ஆகவே அந்த முடிவைத் தள்ள வேண்டும் என்கிறது. மற்ற அணி, வாரியம் அரசின் வல்லுநர் அமைப்பு, அது கடைசியாகச் சொன்னதே முடிவு என்கிறது. முதலாவது, சொன்னவர் யார் என்பதை வைத்தே கூற்றைத் தள்ளும் தோற்றுவாய்ப் போலி; இரண்டாவது அதிகாரத்தைக் காட்டி நிறுவும் போலி என்று நான் விளக்கினேன். உடனே ஒரு மாணவி, "அப்படியானால் டாக்டர் சொன்னதை நம்பி மருந்து சாப்பிடுவதும் போலி வாதம்தானா, டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

தர்க்கப்பிரியன் (பொள்ளாச்சி)

உங்கள் விளக்கம் சரியானதே, டீச்சர். ஒரு கூற்று உண்மையா என்பது அதைச் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்ததல்ல. கிரீன்பீஸ் சொன்னாலும், ஆலை முதலாளி சொன்னாலும், அரசு சொன்னாலும் தரவு என்ன என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். மாணவிக்கும் அதையே சொல்லலாம். டாக்டர் சொல்வதை நாம் ஏற்பது நடைமுறை வசதிக்காகத்தான்; தர்க்கப்படி அது ஆதாரமே ஆகாது. 1690இலேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்லி எதிராளியைக் கூச்சப்பட வைத்து வாயடைப்பதை வாதமுறைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டு, அது நம்மை அறிவுக்கு இட்டுச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்

மண், நீர், கசடு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தர்க்கப்பிரியன் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. லாக் குறை கண்டது கூச்சத்தைப் பயன்படுத்தும் உத்தியில்தான். தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவர் போலி என்று சொல்லவில்லை. பிறர் சாட்சியம் நம் நம்பிக்கைக்கு எந்த அளவு அடிப்படையாகலாம் என்பதை, சாட்சிகளின் எண்ணிக்கை, நேர்மை, திறமை முதலியவற்றைக் கொண்டு எடை போட வேண்டும் என்று அதே நூலில் எழுதியவரும் அவரே.

நான் காண்கிற வேறுபாடு இதுதான். ஒருவர் நம்மிடம் காரணங்களை விரித்து வைக்கிறாரா, அல்லது தன் சொல்லை மட்டும் தருகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதிரியை எங்கே எடுத்தார், எப்படிக் கரைத்தார், எந்தக் கருவியில் அளந்தார் என்பதையெல்லாம் திறந்து வைத்துவிட்டால், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பது ஏறத்தாழப் பொருளற்றுப் போகிறது. அப்போதும் "அவர் கிரீன்பீஸ்காரர்" என்று கூறித் தள்ளுவது தோற்றுவாய்ப் போலிதான். ஆனால் நம் கையில் இருப்பது "காட்மியம் அதிகம்" என்ற அவருடைய சொல் மட்டுமே என்றால், சொல்பவரின் திறமையும் நேர்மையும் சார்பும் அந்தச் சொல்லின் எடையைத் தீர்மானிக்கின்றன. அங்கே மூலத்தைக் கேட்பது போலி ஆகாது. அதைத் தவிர கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. அப்போதுகூடச் சார்பு அந்தச் சொல்லின் எடையைக் குறைக்குமே தவிர, அதைப் பொய்யாக்கிவிடாது.

அறிக்கையைத் திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கசடில் காட்மியத்தை உலர் எடைக்கு இவ்வளவு என்று சொல்வதே முறை. ஆலையிலிருந்து வரும் ஈரக் கசடில் எடைக்கு எண்பது சதவீதம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஈரக் கசடில் உலர்ந்த பொருள் 200 கிராம்தான். உலர் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் காட்மியம் என்றால், அதே கசடை ஈர எடையில் சொல்லும்போது அது 40 ஆகிவிடும். வரம்பு 50. ஒரே வாளிக் கசடு, ஒரே காட்மியம். ஆனால் ஓர் அறிக்கையில் வரம்பைப் போல நான்கு மடங்கு, இன்னொன்றில் வரம்புக்குள். இரண்டிலும் பொய்யில்லை. வாரியத்தில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டு எண்கள் முரண்படும்போது, இருவரில் ஒருவர் விலை போய்விட்டார் என்று முடிவு கட்டும் முன் எந்த எடையில் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இதைவிட முக்கியம், மாதிரி எங்கிருந்து வந்தது என்பது. கசடு ஒரே சீராக இருக்காது. ஒரு குவியலின் ஒரு மூலையில் ஒரு கரண்டி எடுப்பதற்கும், பல இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்துச் சுருக்கி அளப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தோட்டத்தில் போட்டு மழையில் நனைந்து கிடந்த பழைய கசடும் ஆலை வாசலில் எடுத்த புதிய கசடும் ஒன்றல்ல. எந்தக் கசடை யார் எடுத்து மூடி முத்திரையிட்டார் என்ற பதிவு இல்லாத அறிக்கையை, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதன் தலையில் இருந்தாலும், நான் முழுதாக நம்ப மாட்டேன்.

வேலந்தாவளம் தென்னந்தோப்பு

ஐயா, எனக்கும் இதே பிரச்சினை இருப்பதால் கேட்கிறேன். எங்கள் தோப்புக் கிணற்று நீரைச் சோதிக்க வடிகட்டி விற்கும் ஆள் ஒருவர் வந்தார். பேனா மாதிரி ஒரு கருவியை விட்டு, 900 என்று காட்டி, இது விஷம் என்றார். பிறகு இரண்டு கம்பிகள் உள்ள இன்னொரு கருவியை டம்ளரில் வைத்துக் கரண்டு கொடுத்தார்; தண்ணீர் பழுப்பாகி, கசடு திரண்டு வந்தது. அவருடைய வடிகட்டி நீரில் அப்படி எதுவும் வரவில்லை. அரசு ஆய்வகத்தில் கொடுத்தபோது குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். விற்க வந்தவன் சொல்வதை நம்பக்கூடாது என்கிறார் என் மனைவி. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? வடிகட்டி வாங்கலாமா, வேண்டாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்

தோப்புக்காரரே, இழையின் கேள்வி வேறு என்றாலும், உங்கள் கதை நன்றாகவே பொருந்துகிறது. விற்க வந்தவர் காட்டிய 900 பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பேனா அளப்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை; அதை நீங்களே வாங்கிச் சோதித்துக்கொள்ளலாம். அதை "விற்பவன் சொன்னது" என்று தள்ளினால் அதுதான் தோற்றுவாய்ப் போலி. ஆனால் 900 என்றால் விஷம் என்பது அவர் சேர்த்த முடிவு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி உண்டு. ஆகவே உங்கள் நீர் உவர்ப்பாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பழுப்பு நிறம் வந்தது வித்தை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும்போது அந்த இரும்பே கரைந்து துருவாகத் திரளும். வடிகட்டிய நீரில் உப்புக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் துருவும் வராது. அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுப் பாருங்கள், அந்தச் "சுத்தமான" நீரும் பழுப்பாகும். கண்ணால் பார்த்ததாக நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் பார்த்ததற்கு அவர் சொன்ன விளக்கத்தைத்தான் நீங்கள் நம்பினீர்கள். வாங்கும் முன், அரசு அறிக்கையில் நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேனா அவற்றைத் தனியே காட்டாது.

தர்க்கப்பிரியன் (பொள்ளாச்சி)

சொல்லை மட்டும் தருவதற்கும் காரணத்தைத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறேன், ஐயா. ஆனால் உங்களுக்குக் கசடு வேதியியல் தெரியும், மாணவிக்குத் தெரியாது. காரணங்களை அவள் முன் விரித்து வைத்தாலும் அவளால் எடைபோட முடியாது. அவளுக்கு எல்லாமே வெறும் சொல்தான். அப்படிப்பட்டவர் தலைகளை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? எக்ஸிடர் ஒன்று, வாரியத்தின் முதல் அறிக்கை ஒன்று, ஆக இரண்டு. எதிரே வாரியத்தின் இரண்டாம் அறிக்கை ஒன்று.

பாலக்காடு வக்கீல்

தலை எண்ணுவதற்கு முன், ஒவ்வொரு தலையும் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று பார்க்க வேண்டும். இந்த விவகாரத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஆலை உறிஞ்சும் நீர் பற்றிய வழக்கில், 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு வல்லுநர் அறிக்கை கேட்டது. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையத்தின் தலைமையில் அது தயாரானது. இயல்பான மழை பெய்யும் ஆண்டில், நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்ற அதன் முடிவை 2005 ஏப்ரலில் அமர்வு ஏற்றது.

அந்த மையத்தின் தகுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது பதில் சொன்னது, அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் இயல்பான மழையில் எவ்வளவு எடுக்கலாம் என்ற நீர்க்கணக்குக் கேள்விக்கு. நம் சித்தூர்ப் பகுதியோ மழை மறைவுப் பிரதேசம். ஆலை ஓடிய காலத்திலேயே மழை குறைந்த ஆண்டுகள் வந்தன. மழை தவறிய ஆண்டில் என்ன ஆகும் என்பதும், ஆலைக்கு அடுத்த குடியிருப்பின் கிணற்று நீர் ஏன் குடிக்க முடியாமல் போனது என்பதும் வேறு கேள்விகள். "வல்லுநர்களே ஆலைக்குக் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று ஊரில் பேசியவர்கள், அளவு பற்றிய பதிலைத் தரம் பற்றிய கேள்விக்கு எடுத்து ஒட்டினார்கள். அதிகாரத்தைக் காட்டும் போலி, என் அனுபவத்தில், போலி வல்லுநரால் வருவதைவிட, உண்மையான வல்லுநரின் சொல்லை அது சொல்லாத இடத்துக்கு இழுத்துச் செல்வதால் வருவதே அதிகம்.

சட்டமும் இதை ஓரளவு கண்டுகொண்டிருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வல்லுநரின் கருத்தைத் தொடர்புடைய சங்கதியாக ஏற்றது. 51ஆம் பிரிவு, அந்தக் கருத்துக்கான காரணங்களும் தொடர்புடையவை என்றது. புதிய சட்டத்தில் எண்கள் மாறினாலும் ஏற்பாடு அதுவே. கூண்டில் ஏறிய வல்லுநரிடம் அவர் கருத்துக்கான காரணங்களையும் குறுக்கு விசாரணை செய்ய இது இடம் தருகிறது.

நியாய வாசகன் (மீனாட்சிபுரம்)

தர்க்கப்பிரியனின் கேள்வியை நான் கடினமான கேள்வியாகவே பார்க்கிறேன். தத்துவ அறிஞர் ஆல்வின் கோல்ட்மன் 2001இல் எழுதிய கட்டுரை இதையே எடுத்துக்கொண்டது: துறை தெரியாத ஒருவர், முரண்படும் இரண்டு வல்லுநர்களில் யாரை நம்புவது? வாதங்களை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாவிட்டாலும், எதிர்த்தரப்பின் ஆட்சேபத்துக்கு ஒருவர் நேராகப் பதில் சொல்கிறாரா, நழுவுகிறாரா என்பதைக் கவனிக்க முடியும் என்கிறார். இதுவரை அவர் சொன்னவை பலித்தனவா என்று பார்க்க முடியும், அவருடைய நலன்களை விசாரிக்க முடியும், துறையிலுள்ள பிறர் அவரை எப்படி மதிக்கிறார்கள் என்று கேட்க முடியும்.

தலை எண்ணுவதைப் பற்றி அவர் சொல்வது இங்கே நேராகப் பொருந்தும். ஒரு குருவின் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆயிரம் சீடர்கள், குருவின் ஒரே சாட்சியத்துக்கு மேல் எதையும் கூட்டுவதில்லை. ஆகவே கேட்க வேண்டியது, வாரியத்தின் முதல் பரிசோதனை எக்ஸிடரின் முடிவைச் சாராமல், தானே எடுத்த மாதிரியில் தானே அளந்ததா என்பதே. அப்படி என்றால் இரண்டும் இரண்டு சாட்சிகள். இரண்டாவது ஆய்வகம் வானொலிச் செய்தியை முன்னால் வைத்துக்கொண்டு அதே குவியலிலிருந்து எடுத்தது என்றால், ஒன்றரை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம் மரபிலும் இது பழைய கேள்விதான். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தனின், அதாவது நம்பத்தக்கவனின், சொல்லும் அறிவைத் தரும் பிரமாணம் என்பதை விளக்கும்போது, பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவனே ஆப்தன் என்கிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் சேர்க்கிறார். குலமோ இடமோ ஒருவனை ஆப்தனாக்குவதும் இல்லை, ஆகாதவனாக்குவதும் இல்லை. அறிந்தானா, உள்ளபடி சொல்ல விரும்புகிறானா என்ற இரண்டே கேள்விகள். ஆய்வகம் கிரீன்பீஸுடையது என்பது இரண்டாம் கேள்வியை எழுப்பக்கூடும், ஆனால் அதற்கு விடை ஆகிவிடாது. அரசுடையது என்பதும் அப்படித்தான்.

வேலந்தாவளம் தென்னந்தோப்பு

கல்லுப்புப் போட்டுப் பார்த்தேன், ஐயா, நீங்கள் சொன்னபடியே ஆனது. ஆனால் ஒரு சந்தேகம். அரசுக்கும் நலன் உண்டே. ஆலை வந்தால் வரி வரும், வேலை வரும். அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

பாலக்காடு வக்கீல்

நியாயமான கேள்வி. வாரியத்தின் நிலை ஒரு திசையில் மட்டும் மாறவில்லை. 2005இல் அதே வாரியம் மீண்டும் காட்மியத்தைக் காரணம் காட்டி ஆலைக்கு அனுமதி தர மறுத்தது. ஆலைக்கு ஆதரவானவர்கள் இதை மக்கள் போராட்டத்தின் அழுத்தம் என்றார்கள். எதிர்த்தவர்கள் 2003இன் இரண்டாம் அறிக்கையை ஆலையின் அழுத்தம் என்றார்கள். இரு தரப்பும் தமக்குப் பிடிக்காத அறிக்கைக்கு மட்டும் மூலத்தைத் தோண்டினார்கள். மாணவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்டலாம்.

தர்க்கப்பிரியன் (பொள்ளாச்சி)

அப்படியானால் வாரியத்தை நம்பவே கூடாது என்றுதானே ஆகிறது? ஒரே விஷயத்தில் இரண்டு முறை நிலை மாற்றிய சாட்சியை நீதிமன்றம் நம்புமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்

அவசரப்படாதீர்கள், தம்பி. புதிய மாதிரி, புதிய முறை, அதனால் புதிய முடிவு என்று காரணத்தோடு மாறினால், அது நம்பிக்கையைக் கூட்டும். காரணம் சொல்லாமல் மாறினால் குறைக்கும். மாற்றத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டாம் அறிக்கையில் முதல் அறிக்கையின் 200 ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் இருக்கிறதா என்பதே நான் முதலில் தேடும் வரி. முந்தைய எண்ணைப் பற்றி வாயே திறக்காமல் புதிய எண்ணை மட்டும் தரும் அறிக்கை எனக்குப் போதாது.

மாணவி தானே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு, இதற்கு வேதியியல் வேண்டாம். இன்றைய ஆய்வகங்களுக்குத் தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். தரும் சான்று, ஆய்வகம் முழுவதற்குமான பொதுப் பட்டம் அல்ல. எந்தப் பொருளில், எந்தக் கூறை, எந்த முறையில், எந்த அளவு வரை அளக்கத் தகுதி என்று வரிவரியாக ஒரு பட்டியல் உண்டு. குடிநீரில் காட்மியத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கசடில் காட்மியத்துக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். முத்திரையைப் பார்த்து நின்றுவிடாமல் அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள், டீச்சர். ஒருவர் வல்லுநரா என்பதைவிட இந்த விஷயத்தில் வல்லுநரா என்பதே கேள்வி. அதற்கான பதில் அங்கே அச்சில் கிடைக்கும்.

நியாய வாசகன் (மீனாட்சிபுரம்)

ஐயாவோடு ஓரிடத்தில் நான் உடன்படவில்லை. பட்டியலைத் தயாரித்த அங்கீகார வாரியத்தை மாணவி எதன் பேரில் நம்புகிறாள்? அதுவும் ஒரு சொல்தானே. வல்லுநரைச் சோதிக்க இன்னொரு வல்லுநரிடம் போகிறோம். இந்தத் தொடர் எங்கே நிற்கும்?

கொழிஞ்சாம்பாறைக்காரர்

ஓரளவுக்கு உப்புச் சிட்டிகையில் நிற்கும். ஆய்வகங்களுக்கு, உள்ளிருக்கும் அளவு முன்பே தெரிந்த மாதிரிகளை அந்த அளவைச் சொல்லாமல் அனுப்பி, சரியாகச் சொல்கிறார்களா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அங்கே ஒருவர் சொல்லை இன்னொருவர் சொல்லால் சோதிப்பதில்லை, பொருளால் சோதிக்கிறோம். ஆனால் அந்தச் சோதனையை மாணவி நேரில் காணப் போவதில்லை என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

சித்தூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு அணிகளையும் கலைத்துவிட்டேன். வாரியத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கைகள் இரண்டின் முழு நகலையும், மாதிரி எடுத்த பதிவோடு சேர்த்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு ஒரு விண்ணப்பத்தை மாணவர்களே மலையாளத்தில் எழுதப் போகிறார்கள். பத்தொன்பதாம் பிரிவில் முறையீடு செய்ய வேண்டி வந்தால் வக்கீல் சார்தான் கைகொடுக்க வேண்டும். உலர் எடையா, ஈர எடையா என்ற கேள்வியையும் அதில் சேர்க்கட்டுமா, அல்லது சட்டப்படி ஆவணத்தை மட்டும்தான் கேட்க முடியுமா?

பாலக்காடு வக்கீல்

ஆவணத்தை மட்டும் கேளுங்கள், டீச்சர். "ஏன்" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. ஆய்வகப் பணிக்குறிப்பேட்டின் நகலைக் கேட்டால், ஈரப்பதம் அளந்த வரி அதிலேயே இருக்கும். பழைய கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், அழித்ததற்கான பதிவேட்டையும் கேட்க மறக்காதீர்கள்.